ஜூன் 21இல் கோடை தொடங்குகிறதா, முடிகிறதா? ஆறு பருவக் கணக்கும் நான்கு பருவக் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 வந்தால் ‘இன்று கோடை தொடங்குகிறது’ என்று கைப்பேசியில் ஒரு செய்தி வரும். தமிழ்நாட்டில் அதைப் படிப்பவருக்குக் கோடை விடுமுறையே முடிந்து பள்ளிகள் திறந்திருக்கும். சரி, நம் கணக்கு என்ன சொல்கிறது என்று தினசரிக் காலண்டரைப் பார்த்தால் அதில் ஆனி மாதம், கிரீஷ்ம ருது என்று இருக்கும். பள்ளியில் படித்த பெரும்பொழுதுப் பட்டியலின்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். அப்படியானால் கத்திரி வெயில் கொளுத்திய மே மாதம்? அது சித்திரை, வைகாசி. பட்டியலில் அதற்குப் பெயர் இளவேனில், சமஸ்கிருதத்தில் வசந்தம்.

ஆண்டின் மிகக் கடுமையான வெயிலை இளவேனில் என்று யார் வைத்தார்கள்? நம் முன்னோர் பிழை செய்தார்களா, காலநிலை மாறிவிட்டதா, அல்லது காலண்டர் எங்காவது நழுவிவிட்டதா? மூன்று விளக்கங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. பதில் சொல்வதற்கு முன், இரண்டு முறைகளும் ஆண்டை எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். நான்கு பருவங்களோடு இரண்டைக் கூட்டினால் ஆறு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெட்டும் இடமே வேறு.

## நான்கு பருவம் எங்கே வெட்டுகிறது

பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால் ஆண்டில் நான்கு நாள்கள் தனித்து நிற்கின்றன. மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 22ஐ ஒட்டியும் பகலும் இரவும் சமமாக இருக்கும். ஜூன் 21ஐ ஒட்டி, வடக்குப் பாதியில் ஆண்டின் மிக நீண்ட பகல். டிசம்பர் 21ஐ ஒட்டி மிகக் குறுகிய பகல்.

ஐரோப்பாவில் வழங்கும் நான்கு பருவ முறை இந்த நான்கு நாள்களையே தொடக்கக் கோடுகளாக வைக்கிறது. மார்ச் 20இல் வசந்தம், ஜூன் 21இல் கோடை, செப்டம்பர் 22இல் இலையுதிர் காலம், டிசம்பர் 21இல் குளிர்காலம். வானிலைத் துறையினர் புள்ளிவிவர வசதிக்காக இதைக் கொஞ்சம் முன்தள்ளி, மார்ச் 1, ஜூன் 1, செப்டம்பர் 1, டிசம்பர் 1 என்று மும்மூன்று முழு மாதங்களாக வைத்துக்கொள்வதும் உண்டு.

மிக நீண்ட பகல் உள்ள நாளைக் கோடையின் நடுவாக வைக்காமல் தொடக்கமாக வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிலமும் கடலும் சூடேற நேரம் பிடிக்கும். லண்டனில் வெயில் உச்சத்துக்கு வருவது ஜூலையில்தான். அங்கே சராசரி வெப்பநிலை ஜனவரியில் 5 பாகை செல்சியஸ் அளவில் தொடங்கி, ஜூலையில் 19 வரை ஏறி, மறுபடி இறங்குகிறது. ஏறும் காலம், உச்சம், இறங்கும் காலம், அடிமட்டம் என்று ஒரே ஓர் அலை. அதை நான்காக வெட்டுவது இயல்பாகவே வருகிறது. மழை அங்கே ஆண்டு முழுதும் பரவிப் பெய்வதால், அதற்கென்று தனிப் பருவம் ஒதுக்கத் தேவை எழவில்லை.

## ஆறு பருவம் எங்கே வெட்டுகிறது

சூரியன் வானில் ஒரு சுற்றுச் சுற்றுவதாகத் தோன்றும் பாதை 360 பாகை. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 30 பாகை, அதாவது ஒரு ராசி, ஒரு சூரிய மாதம். இரண்டு மாதம் சேர்ந்தால் ஒரு ருது, 60 பாகை. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் இந்தக் கணக்கை மகர சங்கராந்தியில் தொடங்குகிறது. அந்த நூலின் கணக்கில், சூரியன் தெற்கே போய்த் திரும்பி வடக்கு நோக்கி வரத் தொடங்கும் புள்ளி அது. அங்கிருந்து சிசிரம், வசந்தம், கிரீஷ்மம் என்று மூன்று பருவம் உத்தராயணத்துக்கு; வர்ஷம், சரத், ஹேமந்தம் என்று மூன்று பருவம் தட்சிணாயனத்துக்கு.

இந்த வரையறையை அப்படியே சூரியனின் உண்மையான திரும்புமுனைகளில் பொருத்தினால், இன்றைய தேதிகளில் இப்படி வரும். ஓரிரு நாள் முன்பின் ஆகலாம்.

1. சிசிரம்: டிசம்பர் 21 முதல் பிப்ரவரி 18 வரை.
2. வசந்தம்: பிப்ரவரி 19 முதல் ஏப்ரல் 19 வரை. பகலிரவு சமமான மார்ச் 20 இதன் நடுவில் விழுகிறது.
3. கிரீஷ்மம்: ஏப்ரல் 20 முதல் ஜூன் 20 வரை.
4. வர்ஷம்: ஜூன் 21 முதல் ஆகஸ்ட் 22 வரை.
5. சரத்: ஆகஸ்ட் 23 முதல் அக்டோபர் 22 வரை. செப்டம்பர் 22 இதன் நடுவில்.
6. ஹேமந்தம்: அக்டோபர் 23 முதல் டிசம்பர் 20 வரை.

இப்போது ஜூன் 21ஐக் கவனியுங்கள். நான்கு பருவ முறையில் அன்று கோடை தொடங்குகிறது. ஆறு பருவ முறையில் அன்று கோடை முடிந்து மழைக்காலம் தொடங்குகிறது. ஒரே வானியல் நிகழ்வுக்கு நேரெதிரான இரண்டு பொருள். மார்ச் 20இலும் இதேபோல்தான்: அங்கே அது வசந்தத்தின் முதல் நாள், இங்கே வசந்தம் பாதி கழிந்துவிட்ட நாள்.

இந்தியாவின் வடசமவெளியில் நின்று பார்த்தால் எது பொருந்துகிறது என்பதில் சந்தேகமே எழாது. டெல்லியில் மே மாதமும் ஜூன் மாதமும் பகல் வெயில் சராசரியாக 40 பாகையைத் தொடுகிறது. ஜூன் கடைசியில் தென்மேற்குப் பருவமழை வந்து சேர்ந்ததும் மேகம் சூரியனை மறைக்கிறது, நனைந்த நிலம் ஆறுகிறது, ஜூலையில் பகல் வெப்பம் நான்கைந்து பாகை குறைந்துவிடுகிறது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும் காலத்திலேயே வெப்பத்தின் உச்சியை மழை வெட்டிவிடுகிறது. லண்டனின் ஒற்றை அலை இங்கே இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றையும் சேர்த்துக் ‘கோடை’ என்று கட்டினால், வறண்ட அனல்காற்றும் வெள்ளப்பெருக்கும் ஒரே மூட்டைக்குள் வந்துவிடும்.

## வெப்பத்தைவிட நீர் பேசும் கணக்கு

தெற்கே வர வர வெப்பநிலையை வைத்து ஆண்டைப் பிரிப்பது இன்னும் கடினமாகிறது. டெல்லியில் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 20 பாகை வேறுபடுகிறது. சென்னையில் ஜனவரியில் 25 பாகை அளவில் இருப்பது மே, ஜூனில் 33க்குப் போகிறது, எட்டுப் பாகைதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு ஆண்டில் இரண்டு முறை வருகிறது: ஏப்ரல் 25ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மறுமுறை. இந்த இரண்டாவது வருகையின்போது மேகமும் மாலை மழையும் இருப்பதால் வெயில் முதல் தடவை அளவுக்கு ஏறுவதில்லை.

ஆகவே இங்கே பருவத்தைக் கண்டுகொள்ள உதவுவது தண்ணீர்தான். அது எந்த வடிவில், எப்போது வருகிறது என்பதே கேள்வி. தமிழின் ஆறு பெரும்பொழுதுகளை இந்தக் கண்ணோடு படித்தால் தெளிவாகும். கார் என்பது மேகம் திரண்டு மழை தொடங்கும் காலம். கூதிர் என்பது குளிர்காற்றோடு கூடிய அடைமழைக் காலம். அடுத்த இரண்டும் பனியின் பெயரைத் தாங்குகின்றன. கடைசி இரண்டும் நீர் வற்றும் வேனில், முதலில் இளையது, பிறகு முதியது.

பனிக்கு மட்டும் இரண்டு பருவம் ஏன் என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நிலம் நிறைய ஈரத்தோடு இருக்கிறது, வானம் தெளிகிறது, இரவு நீளமாக இருக்கிறது, காற்றும் தணிகிறது. தரை வேகமாகக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் புல்லிலும் வைக்கோலிலும் துளித்துளியாகப் படிகிறது. மார்கழியில் வாசல் தெளிப்பதற்கு முன்பே படி ஈரமாக இருப்பது இதனால்தான். மாசி பிறந்த பிறகு மண்ணின் ஈரம் குறைகிறது, இரவும் சுருங்குகிறது. பனி விடியற்காலையில் மட்டும் வந்துவிட்டு, வெயில் ஏறியதும் போய்விடுகிறது. முன்னிரவிலேயே பனி இறங்கும் காலம் முன்பனி, பின்னிரவில் இறங்கும் காலம் பின்பனி என்று ஒரு விளக்கம் இருக்கிறது. இந்த நடப்போடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. உறைபனி இல்லாத நாட்டில் ‘குளிர்காலம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது.

மரங்களையும் பார்க்கலாம். நான்கு பருவ முறையில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மரங்கள் இலை உதிர்க்கின்றன. தமிழ்நாட்டில் நிலம் மிகப் பசுமையாக இருக்கும் காலமே அதுதான். முதுமலை போன்ற வறண்ட இலையுதிர் காடுகளில் தேக்கும் மற்ற மரங்களும் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை இலை கொட்டுகின்றன. அங்கே இலையை உதிர்க்க வைப்பது குளிர், இங்கே உதிர்க்க வைப்பது தண்ணீர்த் தட்டுப்பாடு. பின்பனியின் வறட்சியில்தான் நம் காடுகள் மொட்டையாகின்றன. பள்ளிப் புத்தகத்தில் அக்டோபர் மாதத்துக்குப் பழுத்த இலை விழும் படத்தைப் போடுவது குழந்தைகளுக்குத் தவறான ஊரைக் கற்பிக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

## தமிழ்ப் பட்டியலும் அதன் மாதங்களும்

தொல்காப்பியம் பெரும்பொழுதைத் தனியாகக் காலப் பட்டியலாகக் கொடுக்கவில்லை, நிலத்தோடு சேர்த்தே சொல்கிறது. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், கூடவே முன்பனியும். பாலைக்கு வேனிலும் நண்பகலும், பின்பனியும் அதற்கு உரியது. எந்தப் பருவத்துக்கு எந்த மாதம் என்பதை உரையாசிரியர்கள் எழுதினார்கள். நச்சினார்க்கினியர் ஆவணியை ஆண்டின் முதல் மாதமாக வைத்து, காரில் தொடங்குகிறார். இன்றைய தேதிகளோடு அந்தப் பட்டியல் இதுதான்:

1. கார்: ஆவணி, புரட்டாசி (ஆகஸ்ட் 17 முதல் அக்டோபர் 17 வரை).
2. கூதிர்: ஐப்பசி, கார்த்திகை (அக்டோபர் 18 முதல் டிசம்பர் 15 வரை).
3. முன்பனி: மார்கழி, தை (டிசம்பர் 16 முதல் பிப்ரவரி 12 வரை).
4. பின்பனி: மாசி, பங்குனி (பிப்ரவரி 13 முதல் ஏப்ரல் 13 வரை).
5. இளவேனில்: சித்திரை, வைகாசி (ஏப்ரல் 14 முதல் ஜூன் 14 வரை).
6. முதுவேனில்: ஆனி, ஆடி (ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 16 வரை).

பருவங்களின் நீளம் ஒன்றுபோல் இல்லை என்பதையும் இதில் காணலாம். முதுவேனில் 63 நாள் வரை போகும், முன்பனி 59 நாளில் முடிந்துவிடும். ஜூலையில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது, 30 பாகையைக் கடக்க 31, 32 நாள் ஆகிறது. ஜனவரியில் அருகில் இருப்பதால் வேகமாகக் கடக்கிறது.

## ஒரே ஏப்ரல் 14, வெவ்வேறு பருவம்

மேலே கொடுத்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளி தெரியும். முதல் பட்டியலில் வசந்தம் ஏப்ரல் 19இல் முடிகிறது. தமிழ்ப் பட்டியலில் அதற்கு இணையான இளவேனில் ஏப்ரல் 14இல்தான் தொடங்குகிறது. இரண்டும் ஆறு பருவம்தானே, எப்படி இவ்வளவு விலகல்?

வங்காளத்தைப் பாருங்கள். நமக்குச் சித்திரை பிறக்கும் நாளை ஒட்டித்தான் அவர்களுக்கு வைசாக மாதம் பிறக்கிறது, அவர்களுக்கும் அன்று புத்தாண்டு. ஆனால் அவர்கள் கணக்கில் வைசாகமும் ஜ்யேஷ்டமும் கிரீஷ்மம், அதாவது கடுங்கோடை. அடுத்த இரண்டு மாதம் வர்ஷம். ஒரே நாளில், ஒரே சூரிய நிலையில், தமிழ்க் காலண்டர் வசந்தத்தைத் தொடங்கும்போது வங்காளக் காலண்டர் வசந்தத்தை முடித்துவிடுகிறது. கொல்கத்தாவில் ஏப்ரல், மே மாதங்கள் புழுக்கமும் இடியுடன் கூடிய புழுதிப் புயலுமாக இருக்கும், ஜூன் இரண்டாவது வாரவாக்கில் பருவமழை வந்துவிடும். அவர்களுடைய பிரிப்பு அந்த மண்ணுக்குச் சரியாகவே இருக்கிறது.

தெலுங்கு, கன்னட மக்களுக்கு உகாதியன்று சைத்ர மாதமும் வசந்த ருதுவும் பிறக்கின்றன. அது சந்திர மாதம். உகாதி மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். சைத்ரமும் வைசாகமும் வசந்தம் என்ற பழைய விதி இந்தச் சந்திர மாதங்களைச் சொன்னது. நம் பஞ்சாங்கத்தில் அதே விதி சித்திரை, வைகாசி என்ற சூரிய மாதங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சூரிய மாதமான சித்திரை, சந்திர மாதமான சைத்ரத்துக்குப் பிறகே தொடங்கும். சராசரியாகப் பார்த்தால் இதில் மட்டும் அரை மாதம் பின்தள்ளுகிறது.

ஆறு என்ற எண்ணும் எல்லா இடத்திலும் அப்படியே நிலைத்ததில்லை. வேத நூலான ஐதரேய பிராமணம் ஹேமந்தத்தையும் சிசிரத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஐந்து பருவம் என்று எண்ணுகிறது. சரக சம்ஹிதையில் இரண்டு விதமான ஆறு இருக்கிறது. ஒன்றில் சிசிரம் உண்டு. மற்றொன்றில் சிசிரத்தை விட்டுவிட்டு, மழைக்கு முன்னோடியாகப் பிராவ்ருட் என்ற பருவத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கங்கைக்கு வடக்கே குளிர் அதிகம் என்பதால் அங்கே குளிருக்கு இரண்டு, தெற்கே மழை அதிகம் என்பதால் இங்கே மழைக்கு இரண்டு என்று ஆயுர்வேத உரைகளில் இதற்கு ஒரு விளக்கம் தரப்படுகிறது. பருவப் பட்டியல் ஊருக்கு ஊர் மாற வேண்டியது என்பதை அந்த மருத்துவர்கள் உணர்ந்தே இருந்தார்கள்.

## நழுவியிருக்கும் 24 நாள்

விலகலின் இன்னொரு பகுதி வானியல் சார்ந்தது. நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களின் பின்னணியில் வைத்து அளக்கிறது. இதற்கு நிரயன முறை என்று பெயர். பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தவை. திரும்புமுனைகளை வைத்து அளக்கும் முறை சாயனம். பூமியின் அச்சு மெல்ல வட்டமிடுவதால் நட்சத்திர ஆண்டு, பருவ ஆண்டைவிட 20 நிமிடம் அதிகம். அது சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் ஆகிறது.

இதை நேரடியாகவே பார்க்கலாம். விவேகானந்தர் பிறந்தது 1863ஆம் ஆண்டு ஜனவரி 12, அன்று மகர சங்கராந்தி. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால், கி.பி. 285ஐ ஒட்டிய காலத்தில் மகர சங்கராந்தியும் டிசம்பர் 21இன் திரும்புமுனையும் ஒன்றாக இருந்திருக்கும். அப்போதிருந்து இன்றுவரை சேர்ந்த இடைவெளி சுமார் 24 நாள். ‘தை பிறந்தால் உத்தராயணம்’ என்கிறோம். ஆனால் சூரியன் வடக்கே திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆன பிறகே தை பிறக்கிறது.

வானியற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதைச் சரிசெய்யப் பார்த்தது. 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி சாயன முறையைப் பின்பற்றுகிறது. அதில் வசந்தம் பால்குனம், சைத்ரம். கிரீஷ்மம் வைசாகம், ஜ்யேஷ்டம், அதாவது ஏப்ரல் 21 முதல் ஜூன் 21 வரை. அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது, வீட்டுக் காலண்டர்களின் ருதுவை அது மாற்றவில்லை.

## இரண்டு நாள்களை வைத்துச் சோதித்தால்

எந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறது என்பதைச் சென்னையின் இரண்டு நாள்களைக் கொண்டு பார்ப்போம்.

முதல் நாள், 2003 மே 31. நுங்கம்பாக்கத்தில் அன்று 45 பாகை செல்சியஸ் பதிவானது. வழக்கமாக மே 28ஐ ஒட்டி முடிந்துவிடும் அக்னி நட்சத்திரமும் கடந்த பிறகு வந்த வெயில் அது.

1. ஐரோப்பிய வானியல் கணக்கில் அன்று வசந்தம், கோடைக்கு இன்னும் மூன்று வாரம். முழு மாதக் கணக்கிலும் அது வசந்தத்தின் கடைசி நாள்.
2. தமிழ்க் கணக்கில் வைகாசி நடுப்பகுதி, இளவேனில்.
3. வங்காளக் கணக்கிலும் தேசிய நாட்காட்டியிலும் கிரீஷ்மம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டும் தவறிவிட்டன. ஏப்ரல் கடைசியில் உச்சியைக் கடந்த சூரியன் அதிகம் விலகாமல் நிற்கிறது, நிலம் வாரக்கணக்கில் சூடேறியிருக்கிறது. அத்தோடு மே இறுதியில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் வறண்ட மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்றை நெடுநேரம் உள்ளே விடாமல் தடுக்கிறது. சென்னையில் வெயிலின் உச்சம் வைகாசியிலும் ஆனி முற்பகுதியிலும் பரந்து கிடக்கிறது. இளவேனிலுக்கும் முதுவேனிலுக்கும் இடையே ஜூன் 15இல் கிழித்த கோடு அந்த உச்சத்தின் சரிவருகே விழுகிறது. அயன நழுவலைச் சரிசெய்து 24 நாள் பின்னே இழுத்தாலும் இளவேனில் மே 21 வரை நீளும், கத்திரியின் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கும். ஆகவே நழுவல் பாதிக் காரணம்கூட இல்லை.

இரண்டாவது நாள், 2015 டிசம்பர் 1. சென்னையையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த மழை பெய்த நாள். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது.

1. ஐரோப்பிய முழு மாதக் கணக்கில் அன்று குளிர்காலத்தின் முதல் நாள். வானியல் கணக்கில் இலையுதிர் காலம்.
2. வங்காளக் கணக்கிலும் தேசிய நாட்காட்டியிலும் ஹேமந்தம், அதாவது மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலம்.
3. தமிழ்க் கணக்கில் கார்த்திகை நடுப்பகுதி, கூதிர்.

இங்கே தமிழ்க் கணக்கு மட்டும் சரியாக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20ஐ ஒட்டி, அது வலுவிழப்பது டிசம்பர் நடுவில். கூதிரின் எல்லை அக்டோபர் 18, டிசம்பர் 15. தமிழ்நாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 920 மி.மீ. மழையில் 440 மி.மீ. அளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. தேசிய நாட்காட்டியின் வர்ஷ ருது ஆகஸ்ட் 22உடன் முடிந்துவிடுவதால், நம் பெருமழை அதன் மழைக்காலத்துக்குள் வருவதே இல்லை.

என் கணிப்பில், தமிழ்ப் பட்டியல் மழையையும் பனியையும் குறிவைத்துக் கிழக்குக் கரைக்கு அமைந்துவிட்ட ஒன்று. வேனில் பக்கத்தில் அது தளர்வாக இருக்கிறது. மேற்கே மலையைத் தாண்டினால் இந்தப் பட்டியலே செல்லாது. கேரளத்தில் இடவப்பாதி, அதாவது வைகாசி பாதியிலேயே மழை இறங்கிவிடும், நமக்கு முதுவேனில் காயும் ஆனி, ஆடியில் அவர்களுக்கு அடைமழை.

## வானிலைத் துறையின் நான்கு

இந்திய வானிலை ஆய்வுத் துறையும் நான்கு பருவம்தான் சொல்கிறது, ஆனால் அது ஐரோப்பிய நான்கு இல்லை. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை பருவமழைக்கு முந்தைய வெப்பக் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தெற்கே வடகிழக்குப் பருவமழை. இரண்டு, மூன்று, நான்கு, மூன்று மாதங்கள் என்று நீளம் மாறுவதைப் பாருங்கள். பகல் நீளத்தை விட்டுவிட்டு, காற்று திசை மாறுவதைக் கோடாக வைத்த பிரிப்பு அது. ஆகவே செய்தியில் ‘கோடை மழை’ என்று வந்தால் அது மார்ச் முதல் மே வரை பெய்தது என்று கொள்ள வேண்டும். ‘குளிர்கால மழை’ என்றால் ஜனவரி, பிப்ரவரி.

‘பருவமே மாறிவிட்டது’ என்ற பேச்சையும் இதை வைத்து எடைபோடலாம். பஞ்சாங்கத்தின் நழுவல் ஒருவர் வாழ்நாளில் ஒரு நாள்தான். ஐப்பசி முழுதும் மழை வராமல் கார்த்திகை கடைசியில் ஒரே வாரத்தில் கொட்டினால் அதற்குப் பஞ்சாங்கம் காரணமாக முடியாது. அது அந்த ஆண்டின் கடல் வெப்பம், காற்றழுத்தம், புயல்களின் பாதை ஆகியவற்றில் தேட வேண்டியது, பல பத்தாண்டுகளின் மழைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. சித்திரையில் வெயில் கொளுத்துவதோ எந்த மாற்றத்துக்கும் சான்று இல்லை. இந்தப் பட்டியலுக்கு மாதங்களை எழுதிய காலத்திலும் சித்திரை வெயில் சுட்டிருக்கும். நச்சினார்க்கினியர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் சித்திரை முதல் நாள், இன்றைய நாட்காட்டியில் சொன்னால் ஏப்ரல் 5ஐ ஒட்டி வந்தது. அன்றும் மே மாதம் முழுவதும் இளவேனிலுக்குள்தான் இருந்தது.